மூன்று வேலை நாட்கள்: எந்த நாளிலிருந்து எண்ணுவது?

வாசகர் கடிதம்

ஐயா, நான் திருச்சியில் பிறந்தவள். திருமணமாகி எட்டு மாதமாக மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். திருச்சியில் இருக்கும் என் சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. கணக்கோடு இணைத்த சிம் அப்பாவின் போனில் இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை இரவு 11.40க்கு அந்தக் கார்டில் ஏதோ வெளிநாட்டு இணையக் கடைகளில் 18,400, 22,750, 6,200 ரூபாய் என்று மூன்று தடவை பணம் போயிருக்கிறது. ஓடிபி எதுவும் வரவில்லை, யாருக்கும் எதையும் சொல்லவும் இல்லை. அப்பா இரவு ஒன்பது மணிக்கே போனை அணைத்துவிட்டு விடியற்காலைதான் போடுவார். மெசேஜை அவர் கவனித்து எனக்குச் சொன்னது திங்கள் மாலை. அன்றிரவே வங்கியின் ஆப்பில் கார்டை முடக்கினேன். வங்கிக்குப் போன் செய்தேன், காத்திருக்கச் சொல்லியே லைன் அறுந்துவிட்டது. செவ்வாய் போயா விடுமுறை, அதனால் புதன் காலை கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இப்போது வங்கி, "நீங்கள் நான்காவது வேலை நாளில்தான் அறிவித்தீர்கள், ஆகவே 26,200 ரூபாய் உங்கள் பொறுப்பு, மீதி 21,150 மட்டும் தருவோம், எஃப்.ஐ.ஆர் நகலும் வேண்டும்" என்கிறது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் மூன்று நாளுக்குள்தானே? கணக்கை வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ கணக்காக மாற்றாமல் இருப்பதால் வாயைத் திறக்கப் பயமாகவும் இருக்கிறது. நீங்களே என் சார்பில் ஆர்பிஐக்கு எழுத முடியுமா? இங்குள்ள வங்கிகளுக்கும் இந்த மூன்று நாள் விதி உண்டா என்று என் கணவர் கேட்கிறார்.

— பெயர் வேண்டாம், கல்லடி

சட்டத்தரணியின் பதில்

சகோதரி, முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் மட்டக்களப்பில் இருப்பது உங்கள் உரிமையைக் குறைக்காது. கணக்கு இந்திய வங்கியில் இருப்பதால், இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட வாடிக்கையாளர் பாதுகாப்புச் சுற்றறிக்கையை வைத்துத்தான் இதைத் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் எந்த ஊரில் நின்றுகொண்டு அறிவித்தார் என்று அது பார்ப்பதில்லை. எந்த நேரத்தில் அறிவித்தார் என்றுதான் பார்க்கிறது.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத செய்தி. உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்குகள் பிழை. "எனக்குத் தெரிந்த நாளிலிருந்து" என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து என்றுதான் சொல்கிறது. அப்பா மெசேஜைத் திறந்து பார்க்காமல் மூன்று நாள் விட்டதை வங்கியின் தலையில் போட முடியாது. அடுத்தது போயா. வேலை நாள் என்பது உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள். மட்டக்களப்பில் கடையும் வங்கியும் அடைத்திருந்தாலும் திருச்சிக் கிளை அன்று திறந்திருந்தது, ஆகவே செவ்வாய்க்கிழமை உங்கள் கணக்கில் ஒரு நாள்தான். அதே விதி இன்னொரு பக்கம் உங்களுக்கு உதவுகிறது. இடையில் வந்தது மாதத்தின் இரண்டாம் சனி என்பதை வங்கியின் எண்ணிக்கையிலிருந்தே புரிந்துகொள்கிறேன். இந்திய வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை, அதனால் அந்தச் சனியும் ஞாயிறும் எண்ணப்படவில்லை.

இந்தப் பிழைகளைத் திருத்திய பிறகும் வங்கியின் கணக்கு சரியாகிவிடவில்லை. எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது

மூன்று வேலை நாளுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு எந்த இழப்பும் இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வெளியே எங்கோ கசிந்தது என்ற வகை இழப்புகளுக்கு இது பொருந்தும். உங்களுடையது அந்த வகைதான். நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் அறிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 10,000 ரூபாய் அல்லது பரிவர்த்தனைத் தொகை, இதில் எது குறைவோ அது வாடிக்கையாளரின் பொறுப்பு. இது மொத்த இழப்புக்கும் சேர்த்து வைத்த ஒரே உச்சவரம்பு என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனி. அதனால்தான் உங்களுக்கு 10,000, 10,000, 6,200 என்று 26,200 வந்தது. வங்கி இதைக் கூட்டியது சரி. நான்காம் நாள் என்ற அடித்தளம்தான் ஆட்டம் காண்கிறது.

நாட்களை எண்ணும்போது தகவல் கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது என்றும் சுற்றறிக்கை சொல்கிறது. வங்கி வியாழனைத் தகவல் கிடைத்த நாளாக வைத்து, வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் நான்கு என்று எண்ணியிருக்கிறது. வியாழன் இரவு 11.40 என்பது வங்கி மெசேஜை அனுப்பிய நேரம். உங்கள் அப்பாவின் போன் ஒன்பது மணிக்கே அணைந்துவிட்டது. அணைந்த போனுக்கு மெசேஜ் போய்ச் சேராது. அது வலையமைப்பில் நின்று, வெள்ளி விடியற்காலை போனைப் போட்ட பிறகுதான் வந்திருக்கும். அப்படியானால் தகவல் கிடைத்த நாள் வெள்ளி. வெள்ளியைக் கழித்துவிட்டு எண்ணினால் திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. உங்கள் புதன் மின்னஞ்சல் மூன்றாம் நாளில் விழுகிறது. முழுத் தொகையும், அதாவது 47,350 ரூபாயும் திரும்ப வர வேண்டும்.

"அணைத்து வைத்தது உங்கள் அப்பாவின் விருப்பம், அதற்கு நாங்கள் பொறுப்பா?" என்று வங்கி கேட்கலாம். அதற்குப் பதில் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. மெசேஜ் எந்த நாளில், எந்த நேரத்தில் சேர்ந்தது, வாடிக்கையாளர் எப்போது பதில் கொடுத்தார் என்பதை வங்கியின் அமைப்பு பதிவுசெய்ய வேண்டும், பொறுப்பை நிர்ணயிக்க அதுவே முக்கியம் என்று அது சொல்கிறது. அனுப்பிய நேரத்தோடு நின்றுவிட வங்கிக்கு அனுமதி இல்லை. ஆகவே சேர்ந்த நேரத்தின் பதிவைக் கேளுங்கள்.

அது வரும்வரை உங்கள் பக்கச் சான்று அப்பாவின் போனில் கிடக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் Messages ஆப் என்றால், அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, மேலே வரும் மூன்று புள்ளிகளுக்குள் View details என்பதைத் தொடச் சொல்லுங்கள். அங்கே Sent, Received என்று இரண்டு நேரங்கள் தெரியும். ஒன்று வியாழன் இரவாகவும் மற்றது வெள்ளி காலையாகவும் இருந்தால், உங்கள் வழக்கின் பாதி அந்தத் திரையிலேயே இருக்கிறது. மூன்று மெசேஜ்களுக்கும் தனித்தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே கடிகாரம் என்பதால் நேர வித்தியாசம் என்ற தலைவலி உங்களுக்கு இல்லை.

ஒன்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வங்கியில் உங்கள் மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருந்து, அதே எச்சரிக்கை வியாழன் இரவே அங்கும் வந்திருந்தால், மேலே சொன்ன வாதம் வெகுவாகத் தளர்ந்துவிடும். நீங்கள் மின்னஞ்சலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஸ்பாம் பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள். வந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம், வங்கியிடம் அதன் பதிவு இருக்கும். அப்போதும் அடுத்த வழி இருக்கிறது.

கடிகாரம் எப்போது நின்றது

அறிவித்தல் என்றால் கிளைக்கு எழுதும் மின்னஞ்சல் மட்டும் என்று வங்கியும் எண்ணுகிறது, நீங்களும் எண்ணுகிறீர்கள். அது குறுகிய பார்வை. இணையதளம், போன் பேங்கிங், எஸ்எம்எஸ், மின்னஞ்சல், தானியங்கிக் குரல் சேவை, கட்டணமில்லா உதவி எண், கிளை என்று பல வழிகளிலும் 24 மணி நேரமும் வாடிக்கையாளர் அறிவிக்க வசதி செய்ய வேண்டும் என்பது வங்கிக்கு இடப்பட்ட கட்டளை. அறிவிக்கப்பட வேண்டிய விடயங்களாக, அனுமதியற்ற பரிவர்த்தனையையும் கார்டு தொலைவதையும் திருடுபோவதையும் அது சேர்த்தே சொல்கிறது.

நீங்கள் திங்கள் இரவு ஆப்பில் கார்டை முடக்கினீர்கள். அது வங்கியின் சொந்த வழி, வங்கியே நேரம் பொறித்து வைத்திருக்கும். வங்கி சொல்வதுபோல வியாழனிலிருந்தே எண்ணினாலும் திங்கள் இரண்டாம் வேலை நாள்தான். ஆகவே எழுதும்போது இரண்டு வாதங்களையும் வையுங்கள்: தகவல் வெள்ளியில் கிடைத்தது, ஆகவே புதன் மூன்றாம் நாள், வியாழனில் கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் திங்களே அறிவித்தாயிற்று, அது இரண்டாம் நாள்.

இந்த இரண்டாவது வாதத்தின் வலு, முடக்கும்போது ஆப் கேட்ட காரணத்துக்கு நீங்கள் எதைத் தெரிவுசெய்தீர்கள் என்பதில் இருக்கிறது. மோசடி, தொலைந்தது, திருடப்பட்டது என்பவற்றில் ஏதாவது ஒன்றென்றால் நல்ல வலு. தற்காலிகமாக நிறுத்திவைப்பதை மட்டும் அழுத்தியிருந்தால், "இது முறைப்பாடு அல்ல" என்று வங்கி வாதிட இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் அறுந்துபோன உங்கள் போன் அழைப்பு கைகொடுக்கும். தனியாக நின்றால் அது பலவீனமான சான்று, ஏனென்றால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் கார்டை முடக்கிய அதே இரவில், வங்கியின் உதவி எண்ணுக்கே அழைத்து, இத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்று அழைப்புப் பதிவு காட்டினால், முடக்கியதன் நோக்கம் என்ன என்பது விளங்கிவிடும்.

நாட்களே தேவைப்படாத ஒரு வழி

நான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை யார் திறந்துவிட்டது?

இந்தியாவுக்குள் இணையத்தில் கார்டால் பணம் கட்டினால் ஓடிபி போன்ற இரண்டாவது உறுதிப்பாடு கேட்கப்படும். வெளிநாட்டுக் கடைகள் பலவற்றுக்கு அது இல்லாமலே பணம் பிடிக்க முடிகிறது, கார்டு எண்ணும் காலாவதி மாதமும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். உங்களுக்கு ஓடிபி வராததன் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த ஓட்டையை அடைக்கவே 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இன்னொரு உத்தரவு போட்டது. அதன்படி புதிதாக வழங்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலைசெய்ய வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு போன்றவற்றை வாடிக்கையாளர் தானே திறக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆளியும் வரம்பும் ஆப்பில் இருக்க வேண்டும்.

மட்டக்களப்புக்கு வரும்போது இங்குள்ள ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்காக வெளிநாட்டு ஏடிஎம் ஆளியை மட்டும் நீங்கள் திறந்திருக்கலாம். அப்படியானால் வெளிநாட்டு இணைய ஆளி எப்படித் திறந்தது? அதை நீங்கள் திறக்கவே இல்லை, வங்கிதான் திறந்து வைத்திருந்தது என்றால் அது வங்கியின் குறைபாடு. வங்கியின் குறைபாட்டால் போன பணத்துக்கு மூன்று நாள், ஏழு நாள் என்ற பேச்சே இல்லை. வாடிக்கையாளர் அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் பொறுப்பு வங்கியுடையது. எந்த ஆளி, எந்த நாளில், எந்த வழியாகத் திறக்கப்பட்டது என்ற பதிவைக் கேளுங்கள். நீங்களே திறந்திருந்தால் இந்த வாதத்தை விட்டுவிடுங்கள், மற்ற இரண்டே போதும். இல்லாததைச் சொல்லி மாட்டிக்கொண்டால் நல்ல வாதங்களும் சேர்ந்து கெட்டுப்போகும்.

வங்கி பயன்படுத்தக்கூடிய எதிர்வாதம் ஒன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணக்கின் சிம்மை அப்பாவிடம் கொடுத்தது அலட்சியம், ஆகவே முழு இழப்பும் உங்களுடையது என்று சொல்லலாம். வாடிக்கையாளரின் அலட்சியத்தால் போன பணம், அறிவிக்கும்வரை, வாடிக்கையாளரின் பொறுப்புதான். இது உண்மை. ஆனால் அந்த அலட்சியத்தால்தான் பணம் போனது என்று காட்ட வேண்டும். ஓடிபியே கேட்கப்படாத பரிவர்த்தனைக்கும் சிம் யார் கையில் இருந்தது என்பதற்கும் தொடர்பில்லை. மேலும் வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல்தான் இருக்கிறது. அந்த மூன்று பரிவர்த்தனைகளிலும் இரண்டாவது உறுதிப்பாடு நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்த கணமே அந்த வாதம் முடிந்துவிடும்.

இப்போதே சேர்த்து வைக்க வேண்டியவை

அப்பாவின் போனிலிருந்து தொடங்குங்கள். அந்த மூன்று மெசேஜ்களையும் அழிக்கக் கூடாது, போனை விற்கவோ புதுப்பிக்கவோ கூடாது, சிம்மை வேறு போனுக்கு மாற்றக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்றே, மூலம் எதற்கு என்று நினைக்காதீர்கள். விடயம் நுகர்வோர் ஆணையம்வரை போனால், மின்னணுப் பதிவுகளோடு, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் கேட்கப்படலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம் அது. மூலப் போன் கையில் இருந்தால் அந்தச் சான்றிதழில் யாரும் குற்றம் காண்பது கடினம்.

உங்கள் பக்கத்தில், கார்டை முடக்கியபோது திரையில் வந்த சேவை எண்ணும் அது சம்பந்தமாக வந்த எந்த மெசேஜும் முக்கியம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தவறியிருந்தால் ஆப்பில் பழைய சேவைக் கோரிக்கைகளின் பட்டியலைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். போன் அழைப்புப் பட்டியலில் வங்கியின் எண், நேரம், நீளம் மூன்றும் ஒரே திரையில் தெரியும்படி எடுங்கள். போன்கள் பழைய அழைப்புகளைத் தாமாகவே அழித்துவிடும், ஆகவே இதை நாளைக்கென்று விட வேண்டாம். புதன் மின்னஞ்சலைப் பிறருக்கு அனுப்பி வைப்பதைவிட, அதன் மூலக் கோப்பையே தரவிறக்கி வையுங்கள், அனுப்பிய வழியும் நேரமும் அதில்தான் முழுமையாக இருக்கும். வியாழன் முதல் அடுத்த வாரம் வரைக்கான கணக்கறிக்கையை வங்கியின் தளத்திலிருந்து பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நடந்ததை நேர வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதி, உங்களிடம் ஒன்றும் அப்பாவிடம் ஒன்றும் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எத்தனை மணிக்குப் போனை அணைத்தார், எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை அவர் தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். நீங்கள் சொல்லி அவர் எழுதியது போலத் தெரிந்தால் அதற்கு மதிப்பில்லை.

எஃப்.ஐ.ஆர், என்.ஆர்.ஓ, 21,150 ரூபாய்

அறிவித்ததாகக் கொள்வதற்கு எஃப்.ஐ.ஆர் ஒரு நிபந்தனை என்று சுற்றறிக்கை எங்கும் சொல்லவில்லை. வங்கி தன் விசாரணைக்காகக் கேட்கலாம், ஆனால் அது வரவில்லை என்று நாட்களைத் தள்ளிப்போட முடியாது. ஆனாலும் ஒரு முறைப்பாடு இருப்பது நல்லது. இணைய மோசடிகளை அறிவிப்பதற்கான இந்தியாவின் 1930 என்ற குறுகிய எண்ணை இங்கிருந்து அழைத்துப் பயனில்லை, cybercrime.gov.in தளமும் இந்தியக் கைத்தொலைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பும். ஆகவே திருச்சியில் இருக்கும் அப்பாவே அதைச் செய்யட்டும். வரும் ஒப்புகை எண்ணை வங்கிக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பணம் மீளும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்; உள்நாட்டுக் கணக்குக்குப் போன பணத்தை இடையில் மறிக்கத்தான் அந்த ஏற்பாடு பெரிதும் பயன்படுகிறது, வெளிநாட்டுக் கடைக்கு ஏற்கெனவே போன கார்டுப் பணத்துக்கு அது அவ்வளவாக உதவாது. மட்டக்களப்புப் பொலிஸில் முறைப்பாடு செய்வதில் தவறில்லை, ஆனால் இந்த விடயத்தில் அது உங்களுக்குத் தேவைப்படும் காகிதம் அல்ல.

என்.ஆர்.ஓ பயத்தைப் பற்றி. நிரந்தரமாக வெளிநாட்டில் வாழத் தொடங்கியவர் தன் சேமிப்புக் கணக்கை அப்படி மாற்றியாக வேண்டும், நீங்கள் இதுவரை செய்யவில்லை. ஆனால் கணக்கு எந்த வகையில் இருக்கிறது என்பதை வைத்து இந்தப் பாதுகாப்பு தரப்படுவதில்லை. இரண்டையும் வெவ்வேறு கடிதங்களாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மாற்றக் கேட்டு ஒரு விண்ணப்பத்தை இப்போதே கிளையில் கொடுத்துவிடுங்கள், அதற்கான ஆவணங்களைக் கிளை சொல்லும். முறைப்பாட்டில் உங்கள் முகவரியைக் கல்லடி என்றே எழுதுங்கள். திருச்சி முகவரியை எழுதிவிட்டு, நான் இலங்கையில் இருந்தேன் என்று பின்னால் சொல்வதுதான் சிக்கலை உண்டாக்கும்.

வங்கி தருவதாகச் சொல்லும் 21,150 ரூபாயை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் "முழுமையும் இறுதியுமான தீர்வாக ஏற்கிறேன்" என்ற வாசகம் உள்ள எதிலும் கையெழுத்திடாதீர்கள், ஆப்பில் வரும் சம்மதப் பொத்தானும் இதில் அடக்கம். "மீதி 26,200 ரூபாய்க்கான என் கோரிக்கையைக் கைவிடாமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு வாங்குங்கள்.

உண்மையில் வங்கி இதைவிட முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. வாடிக்கையாளர் அறிவித்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள், விசாரணை முடியக் காத்திராமல், போன தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். பரிவர்த்தனை நடந்த நாளின் தேதியிலேயே அந்த வரவு இருக்க வேண்டும், அதாவது வட்டியும் போகக் கூடாது. பல வங்கிகள் வரவு வைத்துவிட்டு, விசாரணை முடியும்வரை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கும். உங்கள் கணக்கறிக்கையில் அப்படி ஒரு வரவு இல்லையென்றால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள். மொத்த விடயத்தையும் 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது.

அடுத்து எழுத வேண்டியது

கிளை முகாமையாளருக்கும், வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரி என்று பெயரிட்டிருப்பவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். அனுப்புமுன் அதே தளத்தில் வங்கி வெளியிட்டிருக்கும் வாடிக்கையாளர் பாதுகாப்புக் கொள்கையின் நடப்புப் பிரதியையும் இறக்கிக்கொள்ளுங்கள். விதிகள் இடையிடையே திருத்தப்படுகின்றன, சில வங்கிகள் வாடிக்கையாளருக்கு இன்னும் சாதகமான வரம்புகளையும் வைத்திருக்கின்றன. மின்னஞ்சலில் கோபம் வேண்டாம். மெசேஜ் சேர்ந்த நேரத்தின் பதிவு, திங்கள் இரவு கார்டு முடக்கப்பட்ட நேரமும் காரணமும், வெளிநாட்டு இணைய ஆளி திறக்கப்பட்ட பதிவு, மூன்று பரிவர்த்தனைகளிலும் இரண்டாவது உறுதிப்பாடு நடந்ததா என்ற பதில், இந்த நான்கையும் கேளுங்கள். 47,350 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். அதன் நகலை அச்செடுத்து, உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு அப்பா கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கட்டும்.

பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ 30 நாளில் பதிலே வராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in வழியாக முறையிடலாம். கட்டணம் இல்லை. தள்ளிப்போடாதீர்கள், அதற்கும் காலவரம்பு உண்டு. என்னை எழுதச் சொன்னீர்கள். அங்கே வழக்கறிஞர் மூலம் வரும் முறைப்பாட்டை ஏற்கமாட்டார்கள். நீங்களே எழுதலாம், அல்லது நீங்கள் அதிகாரம் கொடுத்த அப்பா எழுதலாம். நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ முதலில் வழக்குப் போட்டுவிட்டால் இந்தக் கதவு அடைபட்டுவிடும், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். 26,200 ரூபாய்க்காகத் திருச்சியில் வழக்கறிஞர் வைப்பது கட்டுப்படியாகுமா என்பதையும் யோசியுங்கள். ஒம்புட்ஸ்மன் வழியே தீரும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் கணவரின் கேள்விக்கு: இல்லை, அந்தச் சுற்றறிக்கை இந்தியாவோடு நின்றுவிடுகிறது. யூடியூபில் வரும் தமிழ்நாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு, இலங்கை வங்கிக் கணக்கில் பணம் போனால் மூன்று நாள் அவகாசம் உண்டு என்று இங்கு யாரும் ஆறுதலாக இருந்துவிடக் கூடாது. இங்கே கணக்கு திறக்கும்போதும் கார்டு வாங்கும்போதும் கையெழுத்திட்ட நிபந்தனைகளில், தெரிந்தவுடன் அறிவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, அறிவிக்கும்வரை போகும் பணம் யார் பொறுப்பு என்று இருக்கிறதா என்பதை அவர் எடுத்துப் பார்க்கட்டும். பணம் போனால் அந்த நிமிடமே வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்து முறைப்பாட்டு எண் வாங்க வேண்டும், அதே நாளில் எழுத்திலும் கொடுக்க வேண்டும், போயா என்றாலும் மின்னஞ்சல் போகும். வங்கி கைவிரித்தால் இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி எண் 1935. 2023 ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் வங்கிகளின் நடத்தையை அது மேற்பார்வை செய்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது, வங்கிக்கு எப்போது அறிவித்தீர்கள், என்ன பதில் வந்தது என்றுதான்.